கைநாட்டு

(இரவு. புதுக்கோட்டை மாவட்டம், அன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்து வீடு. கட்டிலில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் கணவர், வயது 65. பக்கத்தில் ஸ்டூலில் செல்லம்மாள், வயது 57. மடியில் பேப்பர், அதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். கேமரா கடைசிவரை அவள் முகத்திலும் கையிலும் மட்டும். அவர் குரல் எங்கும் வராது.)

செல்லம்மாள்:

என்னங்க, தூங்கிவிட்டீர்களா? இல்லை, கண் திறந்துதான் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனுக்கு நாளைக்குப் பரீட்சையாம், இன்றைக்குப் பேப்பர் படிக்க வரமாட்டான். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தீர்களே, அதனால் சொல்கிறேன்.

பேப்பர் வந்தாயிற்று. காசு கொடுத்து வாங்கியதைச் சும்மா மடித்து வைக்க வேண்டாம், நானே சொல்கிறேன். இதோ, முதல் பக்கத்தில் மழைப் படம் போட்டிருக்கிறது. குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா போகிறாள். அப்போ மழைச் செய்திதான், இல்லையா? படத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

(பக்கத்தைத் திருப்புகிறாள்.)

இங்கே படம் இல்லை. "தென் தமிழக மாவட்டங்களில் இரண்டு நாட்களுக்கு இடி, மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." கீழே பொடி எழுத்தில், "மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம்."

(நிறுத்துகிறாள். அவரைப் பார்க்கிறாள்.)

ஆமாம். படித்தேன். பையன் காலையில் படித்ததை மனப்பாடம் பண்ணிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அவன்தான் வரவே இல்லையே. வேறு எதையாவது காட்டுங்கள், இடது கைதான் அசைகிறதே. அந்த மாத்திரை அட்டையா? சரி, அதில் பேர் இங்கிலீஷில் இருக்கிறது, அது எனக்கு வராது. காலண்டரைச் சொல்லட்டுமா? மேல்நோக்கு நாள், ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. இந்த வீட்டில் முப்பது வருஷமாகக் காலண்டர் தாளைக் கிழிப்பது நான்தான், ஒரு நாளாவது தப்பான தாளைக் கிழித்திருக்கிறேனா? நீங்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கல் குவாரியில்தான் கற்றுக்கொண்டேன். 91-ல் நம் மாவட்டம் முழுக்க அறிவொளி அறிவொளி என்று ஒரே பேச்சாக இருந்ததே, கலெக்டரம்மா ஷீலா ராணி சுங்கத் ஊர் ஊராக வந்தார்களே, அப்போது. பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். நம் கடையில் வாடகைக்கு நின்ற சைக்கிள் பூராவும் அவர்கள்தான் எடுத்தார்கள், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளையே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டினார்கள். நீங்கள் வாடகையை வாங்கிப் போட்டுக்கொண்டு, என்னிடம் மட்டும் "நீ அந்தப் பக்கம் போகாதே, நாலெழுத்துப் படித்துவிட்டால் வீட்டுக்கு அடங்கமாட்டாளுக" என்று சொன்னீர்கள். நான் போகவில்லை. வகுப்புதான் என்னிடம் வந்தது. கல் உடைக்கிற இடத்திலேயே, சோற்றுநேரத்தில், ஒரு பிள்ளை வந்து பலகையைச் சாய்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஜல்லி கொட்டிய தரையில் உளிமுனையால்தான் எழுதிப் பழகினேன். நான் முதன்முதலாகக் கூட்டிப் படித்தது "பட்டா". எங்களுக்கு அதுதான் முதல் பாடம்.

92-ல் மாவட்டத்தில் எல்லோருக்கும் எழுத்தறிவு வந்தாயிற்று என்று அறிவித்தார்கள். அதையும் நீங்கள்தான் பேப்பரில் படித்துச் சொன்னீர்கள். படித்துவிட்டு, "நம்ம வீட்டுக் கணக்கு விட்டுப்போச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்தது. தேன்மொழி மடியில் அழுதாள், அப்படியே போய்விட்டது. அப்புறம் சொல்ல முடியாத மாதிரி ஆகிவிட்டது.

(கவரை எடுத்து மடியில் வைக்கிறாள். திறக்கவில்லை.)

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 93-ஐ நினைத்துப் பாருங்கள். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனோமே.

கையை இழுக்காதீர்கள். இருக்கட்டும், நான் பிடித்துக்கொள்கிறேன்.

"சொசைட்டியில் லோன் தருகிறான், உன் பேரில் வாங்கினால் வட்டி கம்மி, கைநாட்டு வைத்தால் போதும்" என்று சொல்லிக் கூட்டிப் போனீர்கள். அங்கே போனால் என் அண்ணன் வேட்டி மடிப்புக் கலையாமல் நிற்கிறான். லோனுக்கு அண்ணன் எதற்கு வருகிறான்? நீங்கள் டீ வாங்கப் போனீர்கள், அவன் வெற்றிலை வாங்கப் போனான், பத்திரம் எழுதுகிறவர் தாளை என் முன்னால் காய வைத்துவிட்டு உள்ளே போனார். நான் படித்தேன். அப்போதெல்லாம் எனக்கு வேகம் வராது, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் போனால்தான் வரும். ஆனால் விரல் வைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கண்ணாலேயே படித்தேன். "விடுதலைப் பத்திரம்." புன்செய் அறுபது சென்ட். கிணற்றில் பங்கு. ரூபாய் பன்னிரண்டாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, "இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது." அந்த வரியை மட்டும் மூன்று தரம் படித்தேன். பின்தொடர்ச்சி என்ற வார்த்தையே அதுவரை எனக்குத் தெரியாது, ஆனால் படித்ததும் புரிந்துவிட்டது.

குவாரியில் அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள், 89-க்கு அப்புறம் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்பிள்ளை மாதிரியே பங்கு உண்டு, கலைஞர் சட்டம் போட்டிருக்கிறார் என்று. நமக்கு 90-ல் கல்யாணம். அப்போ அது என் பங்கு. யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. என் அப்பா அதில் கடலை போட்டபோது நான்தான் காக்கா விரட்டினேன்.

எழுந்து வந்திருக்கலாம். "எனக்குப் படிக்கத் தெரியும், இதில் நான் வைக்கமாட்டேன்" என்று ஆபீசுக்குள்ளேயே சொல்லியிருக்கலாம். கையெழுத்தே போடத் தெரியும் எனக்கு. செல்லம்மாள் என்று, ள்-க்குப் புள்ளி வைத்துப் போடுவேன். உள்ளே அந்தச் சார்பதிவாளர் "படித்துக் காட்டினார்களாம்மா, சம்மதம்தானா" என்று கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் சம்மதம் என்று சொல்லிவிட்டு மையில் விரலை அமுக்கினேன்.

ஏன் வைத்தேன் என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் யோசித்திருக்கமாட்டீர்கள். இவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே, அதனால் வைத்தாள் என்றுதான் இருந்திருப்பீர்கள்.

(சற்று நேரம் பேசவில்லை. அவர் வாயோரத்தைத் துண்டால் துடைக்கிறாள்.)

அதற்கு நாலு நாள் முன்னால் பரணில் பழைய சாக்கை எடுக்க ஏறினேன். டயருக்குப் பின்னால் ஒரு டப்பா இருந்தது. நமக்கு அப்போது வயலும் கிடையாது, தோட்டமும் கிடையாது, பூச்சி மருந்துக்கு நம் வீட்டில் என்ன வேலை? டப்பாவில் சிவப்பாக ஒரு கட்டம், அதில் மண்டை ஓடு, பக்கத்தில் மூன்று எழுத்து. விளக்கைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். "வி". "ஷ". "ம்". அந்த "ஷ" எனக்குச் சரியாக வராது, வகுப்பில் அதில்தான் தடுமாறுவேன். அன்றைக்கு வந்துவிட்டது.

கீழே நீங்கள் தேன்மொழியைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டு இருந்தீர்கள். உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன், அந்த வட்டிக்காரன் வந்து கடையிலிருந்து ஆறு சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது, எல்லாம் எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை, ஊர் சொன்னது. டப்பாவை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்ப் பழைய குவாரிக் குழியில், தண்ணீர் ஆழமாக நிற்கிற இடத்தில் எறிந்தேன். மறுநாள் ராத்திரி நீங்கள் பரணில் ஏறித் தேடினீர்கள். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். பழைய செயின் ஒன்று என்றீர்கள். "காலையில் பார்த்துக்கலாம், வந்து படுங்க" என்றேன். நீங்கள் தூங்குகிற வரைக்கும் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

அதனால்தான் வைத்தேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்று நீங்கள் கண்டுகொண்டால், பத்திரத்தைப் படித்துவிட்டேன் என்பதும் தெரியும், அப்புறம் என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள், மறுபடியும் ஒரு டப்பா வாங்கி வருவீர்கள். அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷமும் பேப்பரைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாங்கி மடித்து வைத்தேன்.

கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன், இருந்தது, ரொம்ப நாள் இருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். கேட்கவில்லையே நீங்கள்.

அழுகிறீர்களா? அழுங்கள். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டு அழுங்கள், இன்னும் முடியவில்லை.

(கவரைத் திறக்கிறாள். உள்ளே இரண்டு பத்திரங்கள்.)

ஒவ்வொரு தையிலும் அண்ணன் ஒரு மூட்டை கடலை அனுப்புகிறானே, "மச்சானுக்குப் பெரிய மனசு" என்று ஊரெல்லாம் சொல்வீர்களே, அவனைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பீர்களே. எனக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்காது. அது அவன் கொடுக்கிற கடலை இல்லை. 2009-ல் அவன் மகள் கல்யாணத்துக்கு அந்த அறுபது சென்ட்டை விற்கப்போகிறேன் என்று வந்தான். குவாரிக் குழுவில் போட்ட சேமிப்பு, சீட்டுப் பணம், அறுந்துபோய்விட்டது என்று உங்களிடம் சொன்னேனே அந்தச் சங்கிலி, எல்லாம் சேர்த்து நானே வாங்கினேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினேன், அதில் மட்டும் அவன் யோக்கியன். கடலை நம் குத்தகைக்காரர் அளக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரிச் செலவும் அதிலிருந்துதான் வந்தது. இதோ பாருங்கள், இது அந்தப் பத்திரம். வாங்குபவர் செல்லம்மாள். கீழே பாருங்கள், ரேகை மட்டும் இல்லை, பக்கத்தில் கையெழுத்து.

இது இன்னொன்று. தேன்மொழிக்கு தானசெட்டில்மெண்ட். நாளைக்குப் பத்து மணிக்கு ஆட்டோ வருகிறது. திருப்பூரிலிருந்து அவளும் ராத்திரி பஸ் ஏறிவிட்டாள், எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்லாமல் அவளிடம் சொல்ல மனசு வரவில்லை. ஆபீசில் அடையாளம் காட்ட ஆள் இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் முதல் சாட்சியாக நீங்கள் இருக்க வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டேன்.

வலது கை வராது, தெரியும். இடது பெருவிரல் போதும். மைப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.

(மைப்பெட்டியைத் திறந்து கட்டிலில் வைக்கிறாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். பத்திரத்தை வெளிச்சத்தில் பிடிக்கிறாள்.)

உடனே வைக்காதீர்கள். முழுசாகப் படித்துக் காட்டுகிறேன், கேளுங்க. பிடிக்காத இடம் வந்தால் என் கையை அமுக்குங்க, நிறுத்திவிடுகிறேன்.