பராமரிப்புப் பிரிவின் புதிய மேலாளர் மாலதிக்கு வாழ்த்துகள்!

ஷிப்ட் இன்ஜினியராக இருந்த மாலதி, பராமரிப்புப் பிரிவின் மேலாளராகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறார். வரும் திங்கள்கிழமை பொறுப்பேற்கிறார்.

இதை எழுதுவது உற்பத்திப் பிரிவு. எங்களுக்கு மெஷின் ஓட வேண்டும், அவர்களுக்கு அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த இழுபறி தெரிந்தவர்களுக்கு எங்கள் வாழ்த்தின் அருமை புரியும்.

இரண்டாம் நம்பர் கூலிங் வாட்டர் பம்ப் யாருக்காவது மறந்திருக்குமா? பேரிங் மாற்றுவோம், கொஞ்ச நாள் ஓடும், மறுபடி அதே சத்தம். பேரிங் தரமில்லை என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டோம். மாலதி மட்டும், கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போட விடாமல் துடைத்து வாங்கி, தேய்மானம் எந்தப் பக்கம் என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் மோட்டாரின் கால் அருகே டயல் கேஜை வைத்து, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கச் சொன்னார். மூன்று கால்களில் முள் அசையவில்லை. நான்காவதில் துள்ளியது. அந்தக் கால் பேஸ் பிளேட்டில் சரியாக உட்காரவே இல்லை. போல்ட்டை இறுக்கும்போதெல்லாம் மோட்டார் முறுக்கிக்கொண்டு அலைன்மென்ட் விலகி, பாவம், பேரிங்தான் அடி வாங்கியிருக்கிறது. அடியில் ஷிம் தகடு வைத்து அலைன்மென்ட்டைச் சரிசெய்த பிறகு அந்தப் பம்ப் வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. அந்த ஒரு போல்ட் மட்டும் கூடுதலாக இறங்குகிறது என்று ஃபிட்டர் முருகன் அண்ணன் முன்பே சொல்லியிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாலதி கேட்டார். ரிப்போர்ட்டில் குறையைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதினார்.

வேலை நடக்கும் மெஷினில் தொங்கும் சிவப்புப் பூட்டு விஷயத்தில் மட்டும் இவரிடம் பேரமே நடக்காது. டார்கெட் கழுத்தைப் பிடிக்கும்போது எங்களுக்கு எரிச்சல் வரும், உண்மைதான். ஆனால் உள்ளே கை விட்டிருப்பவர் வெளியே வந்து, தன் பூட்டைத் தானே திறக்கும்வரை சுவிட்சை யாரும் தொட முடியாது. நாங்கள் எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் உயராது, பூட்டும் திறக்காது.

இவர் ஷிப்ட் முடித்துப் போகும்போது எழுதிவைக்கும் லாக் புத்தகக் குறிப்பு இன்னொரு சௌகரியம். எது சரியானது, எது சந்தேகம், அடுத்து வருபவர் முதலில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக இருக்கும். மேலாளரான பிறகு அந்தப் பழக்கத்தை மற்ற ஷிப்ட்டுகளுக்கும் கொண்டுவாருங்கள் மேடம், புண்ணியமாகப் போகும்.

மனமார்ந்த வாழ்த்துகள், மாலதி. மாதாந்திர ஷட்டவுன் தேதியைப் பற்றி திங்கள்கிழமையே சண்டைக்கு வருகிறோம்.

– உற்பத்திப் பிரிவு நண்பர்கள்