மேடு முந்தியா, வீடு முந்தியா?

கொழும்பில் குப்பைமேட்டுப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நாற்றம் தெரிந்தும் அங்கே போய் ஏன் குடியேறினார்கள்?" கேள்வியில் நியாயம் உண்டு. மேடு வந்தால் சுற்றியுள்ள காணி விலை விழும். வேறெங்கும் வாடகை கட்ட முடியாதவர்கள் அந்த இடத்தைத் தேடி வருவார்கள். அதற்குச் சதி எதுவும் தேவையில்லை, சந்தையே போதும்.

ஆனால் கொலன்னாவையின் மீதொட்டமுல்லைக் குப்பைமேட்டுக்கு இந்த விடை பொருந்தாது. கொழும்பு 13இல் புளூமெண்டல் மேட்டில் குப்பை கொட்டுவது 2009இல் உயர் நீதிமன்ற உத்தரவோடு நின்றது. லொறிகள் கொலன்னாவைப் பக்கம் திரும்பின. வீடுகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. மேடுதான் அவற்றை நோக்கி வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அது சரிந்ததில் 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சரிவு தற்செயல் அல்ல. நம் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான சமையலறைக் கழிவு. முறையான நிரப்பிடத்தில் அதைப் படைபடையாகப் பரப்பி, இயந்திரத்தால் இறுக்கி, அன்றன்றைக்கு 15 சென்ரிமீற்றர் மண்ணால் மூடுவார்கள். 1 மீற்றர் உயரத்துக்கு 3 மீற்றர் அகலம் என்ற அளவில் சரிவை வைத்திருப்பார்கள். அடியில் நீர்புகாத விரிப்பும் கழிவுநீரை இழுத்தெடுக்கும் குழாயும் இருக்கும். திறந்த மேட்டில் மழைநீர் உள்ளே இறங்கித் தங்கிவிடும். பாரம் கூடும்; அடியில் நீரழுத்தம் ஏற ஏறக் குப்பையின் பிடிமானம் தளரும். கீழே சதுப்பு என்றால் நிலமும் சேர்ந்து வழுக்கும், விளிம்பிலுள்ள வீடுகளின் தரையை மேலே தள்ளும். சுவர் வெடிப்பு, உப்பிய தரை, சாய்ந்த கதவு நிலை ஆகியவைதான் முன்னறிகுறிகள். அவற்றை முதலில் பார்ப்பவர் அந்த வீட்டுக்காரர். மேட்டை மூடும் அதிகாரம் அவரிடம் இல்லை.

அப்படியானால் இடத்தை எது தெரிவு செய்கிறது? இடத்தெரிவு அட்டவணையைப் பார்த்தால் போதும். காணி விலை, லொறி ஓடும் தூரம், இழப்பீடு கொடுக்க வேண்டிய வீடுகள் என்று நிரல்கள் போகும். ஒவ்வொன்றும் தனித்தனியே அப்பாவித்தனமானது. ஆனால் காணி உறுதி இல்லாத வீட்டுக்கு இழப்பீட்டு நிரலில் விழும் எண் மிகச் சிறியது. சதுப்போரத் தோட்டத்தில் நூறு குடும்பம் இருந்தாலும் தாளில் அது கிட்டத்தட்ட வெற்றுக் காணி. வெறுப்பே இல்லாத அதிகாரியும் இந்த அட்டவணையை வைத்து அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வார்.

அமெரிக்காவில் இந்த விவாதம் சூடுபிடித்தது 1982இல், வட கரோலைனாவின் வாரன் கவுண்டியில். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த அந்தப் பகுதியில் பிசிபி என்ற நச்சு இரசாயனம் கலந்த மண்ணைப் புதைக்க வந்த லொறிகளை மக்கள் மறித்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து வந்த தேசிய ஆய்வு, வருமானத்தைவிட இனமே அபாயக் கழிவிடங்களோடு நெருக்கமாகப் பொருந்துவதாகக் கண்டது. அதை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. புளூமெண்டலோ கொலன்னாவையோ ஒரே மொழி பேசும் ஊர் அல்ல. இங்கே பொதுவாக இருப்பது காணி உறுதி இல்லாமை என்பதே எங்கள் கணிப்பு.

சட்டம் காப்பாற்றாதா? காகிதத்தில் காப்பாற்றும். 1988 திருத்தத்தோடு வந்த சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு முறையில் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வர வேண்டும். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். அடிப்படை உரிமை மனுவுக்கும் ஒரு மாதம்தான். நாட்கூலிக்காரர் ஒருவர் அதற்குள் அறிவித்தலைக் காண வேண்டும், சம்பளத்தை இழந்து அறிக்கை வைத்திருக்கும் அலுவலகத்துக்குப் போக வேண்டும், நிலத்தடி நீர் அட்டவணையை வாசித்து எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். கறுவாத்தோட்டத்துப் பணக்காரர் இதற்கு ஒரு சட்டத்தரணியைக் கூப்பிடுவார். அது மட்டுமல்ல, சிறிதாகத் தொடங்கி வருடா வருடம் உயரும் மேட்டுக்கு "திட்டம் தொடங்கும் நாள்" என்று ஒன்று இருப்பதேயில்லை. எந்த நாளிலிருந்து 30ஐ எண்ணுவது?

குப்பை எங்கேயாவது போகத்தானே வேண்டும் என்பார்கள். போகத்தான் வேண்டும். மீதொட்டமுல்லைக்குப் பிறகு ரயிலில் புத்தளம் அருவாக்காட்டுக்கு அனுப்பும் திட்டம் வேகம் பிடித்தது. அந்த மாவட்டத்தில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையமும் சீமெந்துக்குச் சுண்ணக்கல் வெட்டும் குழிகளும் ஏற்கெனவே உண்டு. முதல் ஆலை வந்த ஊரில் இரண்டாவது கிடைப்பது எளிது. "ஏற்கெனவே கெட்ட இடம்தானே" என்ற வாதம் தயாராக இருக்கும். புத்தளத்தவர் எதிர்த்தபோது கேட்டதும் இதைத்தான்: கொழும்பின் குப்பைக்கு நாங்கள் ஏன்?

ஆகவே அட்டவணையில் இரண்டு நிரல்களையாவது சேர்க்க வேண்டும். அந்தப் பிரதேசம் ஏற்கெனவே சுமக்கும் ஆலைகளின் எண்ணிக்கை ஒன்று. உறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே தூங்கி எழும் தலைகளின் எண்ணிக்கை மற்றது. அனுமதிப்பத்திரத்தில் உச்ச உயரமும் மூடும் திகதியும் எழுதப்பட்டு, அதே எண்கள் மேட்டின் வாசலிலும் மூன்று மொழியில் பலகையாக நிற்க வேண்டும். அப்போது விளிம்பு வீட்டுக்காரர் தன் வாசலில் நின்றே அளந்து பார்ப்பார்.