பேக்கிங் பொருட்களின் பில் தேக்கத்தைக் குறைக்க எட்டு வார முன்னோட்டத் திட்டம்: அனுமதி கோரும் கடிதம்

ஜூன் 22

அனுப்புநர்: மேற்பார்வையாளர், பில் சரிபார்ப்புப் பிரிவு, நிதித்துறை
பெறுநர்: துறைத் தலைவர், நிதித்துறை
பொருள்: பேக்கிங் பொருட்கள் வழங்கும் 12 சப்ளையர்களின் பில்களுக்கு மட்டும் எட்டு வார முன்னோட்டம் நடத்த அனுமதி வேண்டுதல்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

சப்ளையர்களின் பில்கள் பணம் வழங்கும் நிலைக்கு வராமல் எங்கள் பிரிவில் தேங்கி நிற்பதைக் குறைக்க, ஜூலை 20 முதல் செப்டம்பர் 11 வரை ஒரு சிறிய முன்னோட்டம் நடத்தத் தங்கள் அனுமதியை வேண்டி இதை எழுதுகிறேன். புதிய மென்பொருளோ கூடுதல் பணியாளரோ இதற்குத் தேவையில்லை. எங்கள் பிரிவில் ஒருவரின் நேரத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமும், கிடங்குப் பிரிவின் ஒத்துழைப்பைக் கோரித் தாங்கள் அனுப்பும் ஒரு கடிதமும் போதும்.

கொள்முதல் ஆணை, பொருள் வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் கணினி ஒரு பில்லை மேலே அனுப்பும். இந்த மூன்றில் ஒன்று மாறுபட்டாலும் பில் நிறுத்தி வைக்கப்படும். மார்ச் முதல் மே வரை பேக்கிங் பொருட்களுக்காக வந்த 412 பில்களில் 148 பில்கள், அதாவது ஏறத்தாழ 36 சதவீதம், இப்படி நின்றுபோயின. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காரணம் பார்த்தோம். 61 பில்களில் அளவை அலகு மாறியிருந்தது. 49 பில்களில் பொருள் வந்து சேர்ந்திருந்தும் வரவுச் சீட்டு கணினியில் ஏறவில்லை. மீதமுள்ள 38 பில்களில் விலை வேறுபாடும் பிற காரணங்களும் இருந்தன. நின்றவற்றில் நான்கில் மூன்று பங்கு, சப்ளையர் மீது எந்தத் தவறும் இல்லாமல், நம் பதிவு முறையால் மட்டுமே நின்றவை என்பதே என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

அலகு மாறுவதென்றால் என்னவென்று ஒரு பில்லைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். கொள்முதல் ஆணையில் 40 பெட்டி என்று இருக்கிறது. ஒரு பெட்டிக்கு 24 வீதம் எண்ணிப் பார்த்த கிடங்கு ஊழியர், வரவுச் சீட்டில் 960 என்று பதிகிறார். இருவர் பதிந்ததும் சரி, பொருளும் சரியாக வந்திருக்கிறது. ஆனாலும் கணினிக்கு 40-ம் 960-ம் வேறு வேறு எண்கள் என்பதால் பில் நிற்கிறது. எங்கள் எழுத்தர் கிடங்குக்கு மின்னஞ்சல் அனுப்ப, கிடங்கு கொள்முதல் பிரிவைக் கேட்கச் சொல்ல, கொள்முதல் பிரிவு சப்ளையரிடமே விளக்கம் கேட்கிறது. பணம் வராத கவலையில் சப்ளையர் அதே பில்லின் நகலை மறுபடி அனுப்புகிறார். அந்த நகலில் பில் எண் சற்றே வேறுபட்டு, இடையில் ஒரு கோடோ இடைவெளியோ விடுபட்டு, பதிவாகிவிட்டால் கணினி அதைப் புதிய பில்லாகவே எடுத்துக்கொள்ளும். தாமதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, ஒரே பொருளுக்கு இருமுறை பணம் போகும் இந்த வாய்ப்புதான்.

எனவே முன்னோட்டத்தில் இரண்டு மாற்றங்களை மட்டுமே செய்ய எண்ணுகிறோம். முதலாவதாக, இந்த 12 சப்ளையர்களின் பொருட்களுக்கு ஒரு பெட்டிக்கு எத்தனை, ஒரு கட்டுக்கு எத்தனை என்ற மாற்று விகிதம் பொருள் பட்டியலில் முன்கூட்டியே பதியப்படும். பொருள் எந்த அலகில் பதிவானாலும் கணினியே மாற்றி ஒப்பிடும். இரண்டாவதாக, பிற்பகல் 3 மணிக்குள் வந்து இறங்கும் சரக்குக்கு அன்றைக்கே வரவுச் சீட்டு போடப்படும். இவற்றை மீறியும் நிற்கும் பில்களை எங்கள் பிரிவின் ஒருவரும் கிடங்கின் ஒருவரும் தினமும் காலை 15 நிமிடம் சேர்ந்து பார்த்துத் தீர்ப்பார்கள். விலை வேறுபாடு, இறக்குமதிப் பொருட்கள், பணம் வழங்க ஒப்புதல் தரும் அதிகார வரம்பு ஆகிய எதையும் இம்முயற்சி தொடாது. விலை வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று எங்கள் பிரிவிலேயே கேட்டார்கள். அது கொள்முதல் ஒப்பந்தங்களைத் திறந்து பார்க்கும் வேலை, எட்டு வாரத்தில் அடங்காது என்பதால் நான் உடன்படவில்லை.

வெற்றியை அளக்க மூன்று அளவுகோல்களை இப்போதே எழுதி வைக்கிறேன்; முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் எந்த முயற்சியும் வெற்றியாகவே தோன்றும். நிறுத்தப்படும் பில்களின் பங்கு 36 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகவோ அதற்குக் கீழாகவோ குறைய வேண்டும். பில் வந்த நாளிலிருந்து பணம் வழங்கத் தயாராகும் நாள் வரை ஆகும் காலம், இப்போதுள்ள 11 நாட்களிலிருந்து 6 நாட்களாகக் குறைய வேண்டும். இங்கே சராசரியைக் கொள்ளாமல், எல்லாப் பில்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் பில்லின் காலத்தைக் கொள்கிறோம். மூன்று மாதம் கிடந்த ஒரே ஒரு பில் சராசரியை ஏற்றிவிடும் என்பதே காரணம். மூன்றாவது அளவுகோலில் தளர்வே கிடையாது: இருமுறை பணம் வழங்கப்பட்ட பில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. இதை உள் தணிக்கைப் பிரிவு வாரந்தோறும் தனியே சரிபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைவு ஏற்பட்டால் அது நம் மாற்றத்தால்தான் ஏற்பட்டது என்று எப்படிச் சொல்ல முடியும் என்று தாங்கள் கேட்கக்கூடும். அதற்காகவே உதிரி பாகங்களுக்கான பில்களை எந்த மாற்றமும் செய்யாமல் இதே எட்டு வாரமும் அளந்து வருவோம். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் பெருமை நம் திட்டத்துக்கு உரியதல்ல. மேலும், நிற்கும் ஒவ்வொரு பில்லுக்கும் காரணம் பதியப்படுவதால், அலகு மாற்றம் எவ்வளவு பயன்தந்தது, உடனடி வரவுச் சீட்டு எவ்வளவு பயன்தந்தது என்பதைத் தனித்தனியே காண முடியும். பில்கள் குவிவது மாத இறுதியில்தான் என்பதால், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய இரண்டு மாத இறுதிகளும் உள்ளடங்குமாறு காலத்தை வைத்திருக்கிறோம்.

இருமுறை பணம் வழங்கப்பட்டது தெரியவந்தாலோ, மாதக் கணக்கு முடிப்பு இதனால் ஒரு நாள் தள்ளிப்போனாலோ, அன்றே முன்னோட்டத்தை நிறுத்திப் பழைய முறைக்குத் திரும்புவோம். பொருள் பட்டியலில் நாம் சேர்க்கும் விகிதங்களை ஒரே நாளில் நீக்கிவிடலாம் என்று கணினிப் பிரிவு உறுதி கூறியுள்ளது.

எனக்கு உள்ள ஒரே கவலை கிடங்கைப் பற்றியது. அன்றைய சீட்டை அன்றே போடுவது எங்களுக்கு வசதி, அவர்களுக்கோ சரக்கு இறக்கும் நேரத்தில் கூடுதல் சுமை. அவர்கள் துறை தங்கள் பொறுப்பில் இல்லாததால், கிடங்குத் தலைவருக்குத் தாங்களே எழுதினால் இது ஒரு பிரிவின் வேண்டுகோளாக இல்லாமல் இரு துறைகளின் உடன்பாடாக அமையும். முன்னோட்டத்தின் நான்காவது வாரத்தில் கிடங்கு ஊழியர்களிடமே கேட்டு, 3 மணி என்ற வரம்பு நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ள நாங்கள் தயார்.

செப்டம்பர் 18 அன்று, எண்கள் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், இரண்டு பக்க அறிக்கையைத் தங்களிடம் தருவேன். மூன்று அளவுகோல்களும் நிறைவேறினால் மற்ற உள்நாட்டுச் சப்ளையர்களுக்கு விரிவாக்கலாம்; முதல் இரண்டில் ஒன்று மட்டும் நிறைவேறினால் பலன் தந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடலாம்; இரண்டும் தவறினால் முயற்சியை அத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

விகிதங்களைப் பதிந்து சரிபார்க்க எங்களுக்கு இரண்டு வாரம் தேவைப்படுவதால், ஜூலை 3-க்குள் தங்கள் முடிவைத் தெரிவித்தால் குறித்த நாளில் தொடங்க இயலும். அதற்கு முன் நேரில் பேச வேண்டுமென்று தாங்கள் கருதினால், நின்றுபோன 148 பில்களின் பட்டியலுடன் வந்து சந்திக்கிறேன்.

இப்படிக்கு,
மேற்பார்வையாளர்,
பில் சரிபார்ப்புப் பிரிவு