ஆர்எஸ்ஏ அசைன்மென்ட் விடை: p = 17, q = 23, கால்குலேட்டர் இல்லாம

கேள்வி: p = 17, q = 23, e = 7 வச்சு ஆர்எஸ்ஏ சாவிகள கண்டுபிடிக்கணும், அப்புறம் M = 84ங்கிற செய்திய என்கிரிப்ட் பண்ணி, வந்தத திரும்ப டிகிரிப்ட் பண்ணி 84 வருதான்னு காட்டணும். ஒவ்வொரு மாட் ஸ்டெப்பும் எழுதணும்.

84ங்கிறது ஆஸ்கில பெரிய எழுத்து T, அதாவது ஒரே ஒரு எழுத்த மறைச்சு திரும்ப எடுக்கத்தான் இவ்ளோ பாடு. சரி, ஆரம்பிப்போம்.

மொதல்ல சாவி.

```
n    = 17 × 23 = 391
φ(n) = 16 × 22 = 352
```

M எப்பவுமே nஐ விட சின்னதா இருக்கணும், 84 < 391, பிரச்சன இல்ல. eக்கும் 352க்கும் பொதுக் காரணி இருக்கக்கூடாது. 352 = 32 × 11, அதனால ரெட்டப்படை எண்ணும் 11ஓட மடங்கும் ஆகாது, மத்தபடி எதுவும் ஓகே. 7 இதுல தப்பிச்சிடுது.

இப்ப d வேணும். 7ஆல பெருக்கி 352ஆல வகுத்தா மீதி 1 வரணும். ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துட்டு இருந்தா விடிஞ்சிடும், யூக்ளிட் முறைல போனா ரெண்டே வரி:

```
352 = 50 × 7 + 2
7   = 3 × 2 + 1
```

கடைசி வரில இருந்து பின்னாடி வரணும். 1ஐ தனியா எடுத்துட்டு, 2 இருக்கிற எடத்துல (352 − 50 × 7) போடுறோம்:

```
1 = 7 − 3 × 2
  = 7 − 3 × (352 − 50 × 7)
  = 151 × 7 − 3 × 352
```

7 கூட நிக்கிற 151 தான் d. சரிபாத்துக்கலாம், 7 × 151 = 1057, 3 × 352 = 1056, மீதி 1. பொதுச் சாவி (7, 391), ரகசியச் சாவி (151, 391).

இங்க நான் மொத தடவ சொதப்புனேன், அதயும் சொல்லிடுறேன். அவசரத்துல 352க்கு பதிலா 391ல நேர்மாறு எடுத்துட்டேன், 7 × 56 = 392, மீதி 1, ஆஹா d = 56ன்னு சந்தோஷமா எழுதிட்டு போயி டிகிரிப்ட் பண்ணா 84க்கு பதிலா 35 வந்து நிக்குது, அர மணி நேரம் பெருக்கல்ல தப்பு தேடிட்டு இருந்தேன். உண்மைல பாத்த ஒடனே தெரிஞ்சிருக்கணும்: 352 ரெட்டப்படை, அதுல நேர்மாறா வர்ற எண் ஒத்தப்படையாத்தான் இருக்க முடியும், 56 ரெட்டப்படை, அப்பவே டவுட் வந்திருக்கணும். அடுக்குல மாட் φ, அடியில மாட் n, இது ரெண்டையும் கலக்கவே கூடாது.

என்கிரிப்ஷன்: C = 84^7 mod 391

நேரா 84^7 போட்டா 14 இலக்கம் வரும், தேவையே இல்ல. 7 = 4 + 2 + 1, அதனால வர்க்கம் எடுத்துட்டே போயி, ஒவ்வொரு தடவையும் 391ஆல வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கணும்.

```
84^2 = 7056 = 18 × 391 + 18    →  18
84^4 = 18^2 = 324              →  324

324 × 18 = 5832 = 14 × 391 + 358    →  358
358 × 84 = 30072 = 76 × 391 + 356   →  356
```

C = 356. அவ்ளோதான், இதுதான் அனுப்புற எண்.

டிகிரிப்ஷன்: M = 356^151 mod 391

இதுதான் பயமுறுத்துற பகுதி, 356^151 முழுசா எழுதுனா 386 இலக்கம். ஆனா வேல அதே வேலதான், கொஞ்சம் நீளம். 151ஐ ரெண்டோட அடுக்குகளா பிரிச்சா 128 + 16 + 4 + 2 + 1.

பெருக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வித்த. 356ம் 356 − 391 = −35ம் மாட் 391ல ஒண்ணுதான். 356ஐ வர்க்கப்படுத்துறதுக்கு 35ஐ வர்க்கப்படுத்துனா கை வலிக்காது. பாதிய தாண்டுற எண் (195க்கு மேல) எது வந்தாலும் இப்படி மைனஸ்ல மாத்திக்கிட்டேன்.

```
C^1   = 356                  ≡ −35
C^2   = 35^2 = 1225 − 1173   = 52
C^4   = 52^2 = 2704 − 2346   = 358 ≡ −33
C^8   = 33^2 = 1089 − 782    = 307 ≡ −84
C^16  = 84^2 = 7056 − 7038   = 18
C^32  = 18^2 = 324           ≡ −67
C^64  = 67^2 = 4489 − 4301   = 188
C^128 = 188^2 = 35344 − 35190 = 154
```

C^8 வரில பாருங்க, 84 மைனஸ் போட்டுக்கிட்டு எட்டிப் பாக்குது. விடை வந்துடுச்சுன்னு நெனச்சு அங்கயே நிறுத்திடாதீங்க, இந்த எண்களுக்கு அப்படி அமைஞ்சிருக்கு, அவ்ளோதான். அதனால ஒரு லாபம், அடுத்த வரில 84^2 ஏற்கனவே மேல போட்டது, அப்படியே 18ன்னு எழுதிட்டேன்.

8, 32, 64 மூணும் 151ல இல்ல, அடுத்த படிக்கு ஏணியாத்தான் போட்டோம், பெருக்கும்போது சேக்கக்கூடாது. மத்த அஞ்சயும் பெருக்குவோம்:

```
154 × 18    = 2772 − 7 × 391    = 35
35 × (−33)  = −1155 + 3 × 391   = 18
18 × 52     = 936 − 2 × 391     = 154
154 × (−35) = −5390 + 14 × 391  = 84
```

M = 84. போட்ட செய்தி திரும்ப கெடச்சிடுச்சு.

மைனஸ் வந்தா எத்தன தடவ 391 கூட்டணும்னு கொழம்புறவங்களுக்கு: கடைசி வரில −5390 இருக்கு, 14 × 391 = 5474, அதுதான் 5390ஐ தாண்டுற மொத மடங்கு, 5474 − 5390 = 84. பாசிட்டிவ்ல விழுற மொத எடத்துல நிறுத்தணும், அவ்ளோதான்.

கேள்வில கேக்கல, ஆனா நான் ஏற்கனவே ஒரு தடவ சொதப்புனதால இன்னொரு வழில சரிபாத்தேன். p, qன்னு தனித்தனியா போட்டு சேக்குற சீன மீதித் தேற்றம். ரகசியச் சாவி வச்சிருக்கவங்களுக்கு p, q தெரியும்ங்கிறதால இப்படி வேகமா போடலாம், எண்கள் எவ்ளோ சின்னதாகுதுன்னு பாருங்க. அடுக்கயும் ஃபெர்மா தேற்றத்த வச்சு கொறைச்சுக்கலாம்:

```
mod 17:  356 ≡ 16 ≡ −1,  151 mod 16 = 7
         (−1)^7 = −1 ≡ 16

mod 23:  356 ≡ 11,  151 mod 22 = 19 = 16 + 2 + 1
         11^2 = 121 ≡ 6,   11^4 = 36 ≡ 13
         11^8 = 169 ≡ 8,   11^16 = 64 ≡ 18
         18 × 6 = 108 ≡ 16,  16 × 11 = 176 ≡ 15
```

ஆக M ஐ 17ஆல வகுத்தா மீதி 16, 23ஆல வகுத்தா மீதி 15. M = 15 + 23kன்னு வச்சுக்கிட்டா, மாட் 17ல 15 + 6k ≡ 16, அதாவது 6k ≡ 1. 6 × 3 = 18 ≡ 1, அதனால k = 3.

```
M = 15 + 23 × 3 = 84
```

விடை: பொதுச் சாவி (7, 391), ரகசியச் சாவி (151, 391), C = 356, M = 84.