கோப்பு போய்விட்டது, படத்தைச் சொல்லால் எழுதுகிறேன்: மாம்பழ எடை ஹிஸ்டோகிராம்

வணக்கம் மேடம்,

போன வாரம் அனுப்புகிறேன் என்று சொன்ன படம் இனி வராது. லேப்டாப் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. எடைகளைப் பதிந்து வைத்திருந்த எக்ஸெல் கோப்பும் அதனோடு போயிற்று. கையில் வரைந்து பார்த்தபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்த நிகழ்வெண்கள் மட்டும்தான் மிச்சம். அதை வைத்து எழுதுகிறேன், படிக்கும்போதே நீங்கள் தாளில் வரைந்துகொள்ளலாம்.

காவேரிப்பட்டணத்தில் சித்தப்பாவின் மண்டிக்கு ஒரே தோட்டத்துப் பெங்களூரா என்று சொல்லி வந்த லோடு. அதிலிருந்து 300 காய்களை நானே எடை போட்டேன். 200 கிராமுக்குக் கீழே இருப்பதை ஆட்கள் முதலிலேயே கழித்துவிட்டார்கள். இரண்டு தோட்டத்துக் காயைக் கலந்துவிட்டார்களோ என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். என் ப்ராஜெக்ட்டே அதிலிருந்து வந்ததுதான்.

கிடைமட்ட அச்சில் எடை, கிராமில். 200-இல் தொடங்கி 700 வரை 50 கிராம் அகலத்தில் பத்துப் பிரிவுகள். 200 என்றால் 200 முதல் 249 வரை. பெரிய காய்கள் குறைவு என்பதால் 700 முதல் 899 வரை ஒரே பிரிவாகப் போட்டுவிட்டேன், அதன் அகலம் 200. செங்குத்து அச்சில் வெறும் எண்ணிக்கை. இடமிருந்து வலமாக: 27, 22, 24, 14, 36, 34, 54, 28, 27, 10, கடைசி அகலப் பிரிவில் 24.

வரைந்தால் இப்படித் தெரியும். இடது ஓரம் சரிவே இல்லாமல் சுவர் மாதிரி 27-இல் எழும்புகிறது. 350-இல் ஒரு பள்ளம். பிறகு ஏறி, 500-இல் 54 என்று பெரிய முகடு. அதற்கு வலப்பக்கம் இறக்கம், 650-இல் 10. கடைசியில் 24 என்று இன்னொரு மேடு, அகலமாக. இதெல்லாம் போக, பட்டைகள் ஒன்றுவிட்டு ஒன்று சீப்புப் பல் போல ஏறி இறங்குகின்றன. 34-க்கும் 28-க்கும் நடுவே 54 நிற்பதைப் பார்த்தாலே தெரியும்.

கடைசி மேடு என் தப்பு. அகலம் நாலு மடங்கு என்பதால் 24-ஐ நாலால் வகுக்க வேண்டும், 50 கிராமுக்கு 6 தான் வரும். அங்கே முகடு இல்லை, வால்தான்.

சீப்புப் பல்லுக்குத்தான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெட்டி எடை போடும் தராசில் போட்டேன், அது 20 கிராம் 20 கிராமாகத்தான் காட்டும். 200 பிரிவில் விழக்கூடிய எடைகள் 200, 220, 240 என மூன்று. 250 பிரிவில் 260, 280 என இரண்டுதான். இப்படியே 3, 2, 3, 2 என்று மாறி வருகிறது. 40 அல்லது 60 அகலம் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இப்போது மாற்ற மூல எண்களும் இல்லை. அதனால் ஒவ்வொரு எண்ணிக்கையையும் அந்தப் பிரிவில் சாத்தியமான எடைகளின் எண்ணிக்கையால் வகுத்தேன்: 9, 11, 8, 7, 12, 17, 18, 14, 9, 5, கடைசிப் பிரிவில் பத்து எடைகள் என்பதால் 2.4.

பல் மறைந்துவிட்டது. 450-இலும் 500-இலும் சேர்ந்து ஒரே பெரிய முகடு, 17, 18. ஆனால் 250-இல் 11 என்று சின்ன மேடும், 350-இல் 7 என்ற பள்ளமும் அப்படியே இருக்கின்றன. இடைநிலை எடை 450 பிரிவில் விழுகிறது.

என் கேள்வி அந்தச் சின்ன மேட்டைப் பற்றித்தான். பள்ளத்துக்கு இருபுறமும் 8, 12. சராசரி 10 என்று வைத்தால் 350 பிரிவில் 20 காய் இருந்திருக்க வேண்டும், இருந்தது 14. பாய்சான் கணக்கில் √20 சுமார் 4.5, அதாவது 6 குறைந்தது திட்டவிலக்கத்தின் 1.3 மடங்கு. தற்செயலாகவே இவ்வளவு குறையலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. தவிர, 200-க்குக் கீழே வெட்டப்பட்டிருப்பதால் இடது மேட்டின் உண்மையான வடிவம் எனக்குத் தெரியவே தெரியாது. சித்தப்பாவோ "ரெண்டு மேடு இருக்குல்ல, அப்போ ரெண்டு தோட்டம்" என்கிறார். வியாபாரியிடம் சண்டைக்குப் போகும் முன் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இந்த நிகழ்வெண்களை மட்டும் வைத்து இரண்டு முகடு என்று சொல்வதற்கு ஆதாரம் போதுமா, மேடம்? போதாது என்றால், வெள்ளிக்கிழமை அதே தோட்டத்து அடுத்த லோடு வருகிறது. கழிக்கும் முன்பே, 1 கிராம் காட்டும் சின்னத் தராசில் போடலாம் என்றிருக்கிறேன். எத்தனை காய் எடுப்பது?