மேடத்தின் வழியனுப்பு உரை: திருத்திய படி

வணக்கம் மேடம்,

நேற்று மாலை கையில் கொடுத்துட்டுப் போனீங்களே, அந்த ஒரு பக்கத்தை ராத்திரியே படிச்சுட்டேன். கோபப்பட மாட்டீங்கன்னு நம்பி எழுதுறேன். இது உரை இல்லை மேடம், குறிப்பாணை. தலைப்பில் 'பொருள்' போட்டிருக்கீங்க. நல்லவேளை, 'பார்வை' போடலை.

நீங்க எழுதினதை அப்படியே கீழே வைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்கும்.

"பொருள்: பணி நிறைவு – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மேற்காண் பொருள் தொடர்பாக, இவ்வலுவலகத்தில் கண்காணிப்பாளராகப் பணிபுரிந்து வரும் நான் இம்மாதம் 31-ஆம் நாள் பிற்பகல் பணி ஓய்வு பெறுவதை முன்னிட்டு, எனது பணிக்காலத்தில் நல்கிய மேலான ஒத்துழைப்பிற்காக அனைத்து நிலைப் பணியாளர்களுக்கும் நன்றி தெரிவித்துக்கொள்ளப்படுகிறது. பணியின்போது எவருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருப்பின் அதற்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. இனிவரும் காலங்களிலும் இவ்வலுவலகப் பணிகள் செவ்வனே நடைபெற வாழ்த்து தெரிவிக்கலாகிறது."

'நான்' என்று ஆரம்பிச்ச வாக்கியம் 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது'ன்னு முடியுது. நடுவில் எங்கேயோ நீங்க எழுந்து போயிட்டீங்க. நான் இப்படி ஒரு வாக்கியம் எழுதிக் கொண்டுவந்திருந்தா, பென்சிலால் அடிக்கோடு போட்டு "யார்?"னு பக்கத்தில் ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பீங்க. அதே பென்சிலைத்தான் இப்ப நான் பிடிச்சிருக்கேன்.

இன்னைக்குக் காலையில் நடந்த பேனா விஷயத்தைத் தவிர, புதுசா நான் எதையும் சேர்க்கலை. வரைவைக் கொடுத்துட்டு அரை மணி நேரம் நின்னு பேசினீங்களே, அதைத்தான் எழுதியிருக்கேன். அந்தக் கோப்பு விஷயத்தையும் எழுதிட்டேன். என்னை நம்பிச் சொன்னது, அதனால் வேண்டாம்னா அந்தப் பத்தியை மட்டும் எடுத்துடலாம். ஆனா 'ஏற்பட்டிருப்பின்' என்ற சொல்லுக்குப் பின்னால் நீங்க நினைச்சுக்கிட்டிருந்தது அதைத்தான்னு எனக்குத் தோணுது. முடிவு உங்களுடையது.

கீழே இருப்பது நீங்க வாசிக்க வேண்டியது.

---

எல்லோருக்கும் வணக்கம்.

இன்று காலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. பின்னால் நின்றவர்கள் மை தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஆளுக்கொரு பேனாவை நீட்டினீர்கள். மூன்று பேனா வந்தது. ஒன்று என்னுடையதுதான், போன மாதம் காணாமல் போனது. யார் என்று சொல்ல மாட்டேன்.

நான் 1994-இல் தட்டச்சராக வந்தேன். முதல் நாளே ஒரு கடிதம், நான்கு படிகள் வேண்டும் என்றார்கள். கார்பனை மாற்றி வைத்து முழுப் பக்கத்தையும் அடித்து முடித்துவிட்டேன். உருவிப் பார்த்தால் எழுத்தெல்லாம் மேல் தாள்களின் முதுகில், கண்ணாடியில் தெரிவது மாதிரி இருக்கிறது. அடியில் இருந்த தாள்களின் முன்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அழுகை வந்துவிட்டது. அப்போது இருந்த கண்காணிப்பாளர் எழுந்து வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தன் மேஜையிலிருந்து புதுக் கார்பன் எடுத்து, பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி தானே வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

பின்னாளில் அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். அவர் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். பல நாள் முடியவில்லை. மாதக் கடைசியில் என் குரல் மாடிப்படி வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வேலையை முடித்துக் கொடுத்தவர்கள் நீங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எழுதினேன். மனசு கேட்கவில்லை.

தபால் பிரிவு அக்கா, என் அம்மா மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரமும், எனக்கு வந்த தபால்களை அவசரம், அவசரமில்லாதது என்று பிரித்து இரண்டு கட்டாக வைத்திருந்தீர்கள். நான் கேட்கவே இல்லை. திரும்பி வந்த அன்று அந்த இரண்டு கட்டைப் பார்த்ததும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது.

கணினிப் பிரிவுத் தம்பி, ஒரே சந்தேகத்தை உங்களிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது மாதிரியே சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது எனக்கு வந்துவிட்டது, ஓய்வு பெறும் நேரத்தில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவறைத் தம்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோப்பு காணோம் என்று எல்லோர் முன்னாலும் உங்களைப் பேசினேன். நீங்கள் இரண்டு நாள் அறை முழுக்கக் கலைத்துத் தேடினீர்கள். மூன்றாம் நாள் அது என் மேஜையில் கிடைத்தது, நானே பத்திரமாக இருக்கட்டும் என்று கீழ் இழுப்பறையில் வைத்தது. "கோப்பு கிடைத்துவிட்டது" என்று மட்டும் சொன்னேன். எங்கே கிடைத்தது என்று சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. திட்டியது எல்லோர் முன்னால் என்பதால் இதையும் எல்லோர் முன்னால் சொல்கிறேன். தப்பு என்னுடையது தம்பி. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாளையிலிருந்து என்ன செய்யப் போகிறேன் என்று கேட்கிறார்கள். முதல் வேலை, அலாரத்தை நிறுத்த வேண்டும். அதற்கு மேல் யோசிக்கவில்லை. வீட்டில் யாராவது சீட்டில் ஏதாவது எழுதி வைத்தால் பென்சிலை எடுக்கக் கூடாது என்று எனக்கு இப்போதே உத்தரவு வந்திருக்கிறது.

என் இருக்கைக்கு வருகிறவருக்கு ஒரு விஷயம். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் எல்லாம் இருக்கிறது, இது இல்லை. பீரோவின் இடது கதவு சாவிக்குத் திறக்காது. கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு திருப்ப வேண்டும். இத்தனை நாள் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வருகிறேன்.

---

அவ்வளவுதான் மேடம். சத்தமா வாசிச்சுப் பார்த்தேன், ஆறு நிமிஷத்துக்குள் முடியுது. வாய்க்கு வராத சொல் இருந்தால் அந்த இடத்தில் உங்க பேச்சு வழக்கையே போட்டுக்கோங்க. 'வருகிறேன்' என்பதை மட்டும் 'விடைபெறுகிறேன்'னு மாத்திடாதீங்க.

அந்தப் பேனாவை எடுத்தது நான்தான். மதியம் கொண்டுவந்து கொடுக்கிறேன்.