நெட் பேங்கிங் முடக்கத்தை நீக்கித் தரக் கோரி வங்கி மேலாளருக்குக் கடிதம்

அனுப்புநர்
ச. முருகேசன்,
ரெடிமேட் துணிக்கடை,
எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை - 600 021.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை கிளை.

நாள்: 13.10.2025

பொருள்: தவறான பாஸ்வேர்டால் முடங்கிய நெட் பேங்கிங்கைத் திறந்து தருதல் - நடப்புக் கணக்கு, கடைசி நான்கு இலக்கங்கள் 4417.

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டு வருடங்களாக உங்கள் கிளையில் என் கடைக்கு நடப்புக் கணக்கு இருக்கிறது. சனிக்கிழமை (11.10.2025) இரவு கடையைச் சாத்திய பிறகு, பத்தரை மணிக்கு மேல் நெட் பேங்கிங்கில் நுழைய முயன்றேன். போன மாதம்தான் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன். கை பழக்கத்தில் பழையதையே இரண்டு முறை அடித்துவிட்டேன். அப்புறம் புதியதை அடித்தபோது பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறிப்போனது. ஐந்தாவது முறையில் கணக்கு முடக்கப்பட்டதாகத் திரையில் வந்தது. ஐந்து முறையும் அடித்தது நான்தான், கடைக் கணினியில்தான். அதைத் தவிர வேறு எங்கிருந்தாவது யாரேனும் முயன்றதாக உங்கள் பதிவில் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இதைக் கேட்கக் காரணம் உண்டு. நேற்று காலை ஒருவர் போன் செய்து, “பேங்க்ல இருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க, லாக்கை எடுத்துடறோம்” என்றார். நான் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கணக்கு முடங்கிய மறுநாளே அப்படி ஒரு அழைப்பு வந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இணையதளத்தில் நானே பாஸ்வேர்டை மாற்றப் பார்த்தேன். அதற்கு ஏடிஎம் கார்டு விவரம் கேட்கிறது. என் கார்டு செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டது, புதிய கார்டு இன்னும் வந்து சேரவில்லை. இரண்டாம் சனியும் ஞாயிறும் வங்கி விடுமுறை என்பதால் இன்றுதான் நேரில் வர முடிந்தது.

அடுத்த திங்கள் தீபாவளி. என்னிடம் தைக்கும் பதினொரு பேருக்கும் வாரக் கூலியும் போனஸும் வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் கணக்கில் போட்டாக வேண்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பது அந்தப் பணத்தில்தான். ஈரோட்டு வியாபாரிக்குத் தர வேண்டிய ரூ.2,85,000-க்கு மட்டும் ஆர்டிஜிஎஸ் படிவமும் காசோலையும் இன்றே கொண்டுவந்திருக்கிறேன்.

ஆகவே, என் அடையாளத்தைச் சரிபார்த்து முடக்கத்தை நீக்கி, புதிய பாஸ்வேர்டை அமைக்க வழி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். போனில் வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் நேரில் வந்து கையெழுத்துப் போடுகிறேன். பதிவு செய்த கைப்பேசி எண் மாறவில்லை. புதிய ஏடிஎம் கார்டு எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இக்கடிதம் பெற்றுக்கொண்டதற்கு, நகலில் தேதியோடு முத்திரை வைத்துத் தரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. முருகேசன்

இணைப்பு: ஆதார், பான் நகல்கள், பாஸ்புக் முதல் பக்க நகல், முடக்கச் செய்தி வந்த திரையின் அச்சுப்படி, அழைப்பு வந்த எண்.